போன் பூட்டு, திரை திறப்பு

கேள்வி: போனுக்கு வரும் அறிவிப்புகளைக் கம்ப்யூட்டரிலேயே படிக்கலாமாமே, ரகசியம் தங்குமா?

பதில்: தங்கும், பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும்வரை!

விண்டோஸில் உள்ள ‘போன் லிங்க்’ செயலியையும் ஆண்ட்ராய்டில் உள்ள ‘லிங்க் டு விண்டோஸ்’ செயலியையும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து இணைக்கலாம். பிறகு போன் பல அனுமதிகள் கேட்கும். அவற்றில் இரண்டு முக்கியம். எஸ்.எம்.எஸ். அனுமதி குறுஞ்செய்திகளைத் திறந்துவிடும். அறிவிப்பு அனுமதியோ வாட்ஸ்அப், வங்கி, மின்னஞ்சல் என எல்லாச் செயலிகளின் அறிவிப்புகளையும் மொத்தமாகக் கொடுத்துவிடும்.

சிக்கல் இங்கேதான். போன் பையில் பூட்டியே இருக்கும். ஆனால் வங்கி அனுப்பும் ஓடிபி கம்ப்யூட்டர் திரையின் மூலையில் எட்டிப் பார்க்கும். கூட்டத்தில் அந்தத் திரையைப் பகிர்ந்திருந்தால் கூட்டமே வாசிக்கும். ஆண்ட்ராய்டு 15 முதல், ஓடிபி உள்ள அறிவிப்புகளைப் பல இணைப்புச் செயலிகளிடமிருந்து போனே மறைக்கிறது. அந்த மறைப்பு அறிவிப்புகளுக்குத்தான், எஸ்.எம்.எஸ். அனுமதி தனிக் கதவு.

ஆகவே அலுவலகக் கம்ப்யூட்டரில் எஸ்.எம்.எஸ். அனுமதியை மறுப்பது நல்லது. போன் லிங்க் அமைப்புகளில் வங்கி, அரட்டைச் செயலிகளின் அறிவிப்புகளைத் தனித்தனியே நிறுத்தலாம். அறிவிப்பு திரையில் எட்டிப் பார்ப்பதையும் அங்கேயே அணைக்கலாம். எழுந்து போகும்போது விண்டோஸ் விசையோடு L அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். வேலையை விடும் நாளில் கம்ப்யூட்டரிலிருந்து போனை நீக்குவதோடு, போனிலும் அனுமதிகளைத் திரும்பப் பெற வேண்டும்.