பாத்திரங்கள் பேசட்டும்

கேள்வி: கவிதை நாடகம் எழுதுகிறேன். விருத்தத்தில் எழுதினால் பாத்திரங்கள் பேசாமல் பாடுகிறார்களே, என்ன செய்ய?
– வாசகர், கொரட்டூர்

பதில்: அகவலுக்கு மாறுங்கள். விருத்தம் நான்கடிக்கு ஒருமுறை ஒரே எதுகையோடு முடிந்துவிடும். தயங்கித் தயங்கி வரும் மனசாட்சி நான்கடியிலா அடங்கும்? அகவலில் அடிக்கு நான்கு சீர், பெரும்பாலும் ஈரசை. எத்தனை அடி என்பது உங்கள் கையில். எதுகை இல்லாத பத்தசை அடியில் ஷேக்ஸ்பியருக்குக் கிடைத்த சுதந்திரமும் ஏறக்குறைய இதுதான். 1891-இல் வந்த சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் பெரும்பாலும் அகவல்தான். ஓரடியை இருவருக்குப் பங்கிட்டுப் பாருங்கள்:

“எங்கே போனான்?”
“ஏரிப் பக்கம்.”

நான்கு சீரும் சரி; பேச்சும் கெடவில்லை. ஆனால் ஒவ்வோர் அடியிலும் வாக்கியத்தை முடித்தால் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலாகிவிடும். சில வாக்கியங்களை அடுத்த அடிக்கும் ஓடவிடுங்கள்.