பெரியம்மாவின் நகம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வளைகாப்பு. பந்தியில் உட்கார்ந்து கேசரியை வாயில் வைத்த நேரம், பின்னாலிருந்து ஒரு கை என் தோளுக்கு வந்தது. ஆசீர்வாதம் என்றுதான் நினைத்தேன். பெரியம்மா என் முந்தானைப் பார்டரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

நல்ல சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். அந்த நூலில் வெள்ளி இழையைச் சுற்றி, மேலே தங்கமுலாம் பூசியிருப்பார்கள். என்னுடையதில் வெள்ளை நூல் எட்டிப் பார்த்தது. ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு வேறென்ன எட்டிப் பார்க்கும்? “ஜிகினாவா?” என்றார். அதோடு விட்டிருந்தால் சேலையோடு போயிருக்கும். கிளிப்பச்சையில் ரோஸ் பார்டர் வேறா, “என்னடி இது, லோக்கலா, ரெக்கார்டு டான்ஸ்காரி மாதிரி” என்றார்.

முதுகில் ஜன்னல் வைத்த என் ப்ளவுஸைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். வருகிறேன்.

எதிர் வரிசையில் சித்தப்பா, அதே கிளிப்பச்சையில் சட்டை. “என்ன, ராமராஜன் சட்டையா?” என்று எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு இன்னொரு வடை வாங்கிக்கொண்டார். ‘கரகாட்டக்காரன்’ வந்தது 1989-ல்; இன்றைக்கும் ஆணின் சட்டை கண்ணைக் குத்தினால் கதாநாயகன் பெயர்தான் கிடைக்கிறது. கழுத்தில் தடிச் சங்கிலி போட்டால் அவர் மைனர். சங்கிலிக்கே மைனர் செயின் என்று பெயர். அதே தடிமனில் நான் கவரிங் போட்டால் மேனாமினுக்கி.

இந்த மேனாமினுக்கிக்கு ஆண்பால் தேடி மூன்று நாளாகத் தூக்கமில்லை. மேனாமினுக்கன்? சொல்லிப் பாருங்கள், பாத்திரம் துலக்கும் பவுடர் மாதிரி இருக்கிறது. மினுக்கன், தளுக்கன், குலுக்கன் என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். ஏதோ கிராமத்துக் காவல் தெய்வங்களின் பட்டியல் போல் கம்பீரமாக ஒலிக்கிறது, திட்டு மாதிரியே இல்லை. பஜாரி என்கிறார்கள். பஜாருக்குப் போனவள் என்பதைத் தாண்டி அந்தச் சொல்லில் ஒரு குற்றமும் எனக்கு அகப்படவில்லை. நானும் போனேன், கறிவேப்பிலை வாங்க. பஜாரன் எங்கே? கடைக்குள் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான், அவனை முதலாளி என்கிறோம்.

இதற்கு முந்தின விசேஷத்துக்குச் சாம்பல் நிறக் காட்டன் சேலையில்தான் போனேன். “மூளியா வந்து நிக்கிறியே, துக்கம் விசாரிக்க வந்தியா?” என்றவரும் இதே பெரியம்மாதான். அந்த ஆத்திரத்தில் வாங்கியதுதான் இந்தக் கிளிப்பச்சை.

நான் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. மாடிவீட்டுப் பெண் சமிக்கி வைத்த லெகிங்ஸில் இறங்கிவந்தபோது “ஐயே, சீப்பா இருக்கு” என்று வாய்விட்டுச் சொன்னவள் நான். அவள் திரும்பிப் பார்த்தாள். விலையைத்தான் சொன்னேன் என்று சாதித்துவிட்டேன். என்ன விலை என்று எனக்குத் தெரியாது.

ஜன்னல் ப்ளவுஸுக்குத் தையற்கூலி அறுநூறு ரூபாய். பந்தி முடியும்வரை நாற்காலியில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தேன், யாரும் பார்க்கவில்லை. பார்டரில் நகம் பட்ட இடத்தில் நூல் பிரிந்து நிற்கிறது.