ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு சார்!

தொழில்நுட்ப உதவிப் பொறியாளர் வேலைக்கான நேர்முகத் தேர்வில், சான்றிதழ்களைப் புரட்டி முடித்ததும் ஒரு சின்ன நாடகம் நடக்கும். மாக் கால் என்பார்கள். அதுவரை மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்த தேர்வாளர் திடீரென்று கடுப்பான வாடிக்கையாளராக மாறிவிடுவார். பகல் முழுக்க நிஜமாகவே திட்டு வாங்குகிறவர் என்பதால் அந்த வேடம் அவருக்கு அனாயாசமாக வரும்.

“லேப்டாப்ல வைஃபையே காட்ட மாட்டேங்குது. பத்து மணிக்கு மீட்டிங். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அதை ரெண்டு தடவை பண்ணியாச்சு!”

விண்ணப்பதாரர் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கும் ஒரே அஸ்திரம் அதுதான். அதையும் முதல் வாக்கியத்திலேயே பிடுங்கிக்கொண்டால் முகம் வெளுத்துவிடும். வெளுத்தவர்களில் பாதிப்பேர் வாடிக்கையாளர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுகிறார்கள். மீதிப்பேர் கெர்னல், டிரைவர், ஹைபர்னேஷன் என்று கலைச்சொல் பொழிகிறார்கள். இரண்டுக்கும் மதிப்பெண் கிடையாது.

வாடிக்கையாளர் சொன்னது உண்மைதான். பொய் சொல்வது கணினி. 2012-இல் விண்டோஸ் 8-உடன் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி வந்தது. அது இயங்கும் கணினியில் Shut down கொடுத்தால் திறந்திருந்த செயலிகள் மூடும், திரை அணையும், விசிறியும் நிற்கும். ஆனால் இயங்குதளத்தின் மையப் பகுதியும் அதனோடு ஓடிய டிரைவர்களும் அப்படியே `hiberfil.sys` என்ற கோப்பில் சேமிக்கப்படும். மறுபடி பொத்தானை அமுக்கினால் அதே நிலை திரும்பி வரும். வைஃபை டிரைவர் கோளாறாகிக் கிடந்தால் அந்தக் கோளாறும் பத்திரமாகத் திரும்பி வரும். Restart கொடுத்தால் இந்தச் சேமிப்பு நடக்காது. எல்லாம் முதலிலிருந்து ஏற்றப்படும். பெயரைப் பார்த்தால் Shut down தான் பெரிய வைத்தியம் என்று தோன்றும். நடப்பது தலைகீழ்.

இதையெல்லாம் கோபத்தில் இருப்பவரிடம் விளக்கக் கூடாது. முதலில் ஆதாரம் வேண்டும். `Ctrl+Shift+Esc` அமுக்கச் சொல்லி, Performance, அதில் CPU. கீழே Up time என்று இருக்கும். ஒவ்வொரு படியையும் சொல்லிவிட்டு, “வந்துடுச்சா?” என்று கேட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்று படியையும் மூச்சு விடாமல் சொல்கிறவர்களைத் தேர்வாளர் வேண்டுமென்றே தவறான ஜன்னலுக்குள் கூட்டிப் போய்விடுவார்.

“பதினொண்ணுன்னு இருக்கு. பதினொரு மணி நேரமா?”

இங்கேதான் கண்ணி. “மொத்தம் எத்தனை எண் இருக்கு சார், வரிசையாப் படிங்க” என்று கேட்கிறவர் தப்பினார். `11:03:22:40` என்றால் முதல் எண் நாள். இரண்டு தடவை அணைத்தும் பதினொரு நாளாக ஓடிக்கொண்டிருப்பதாகக் கணினியே வாக்குமூலம் கொடுக்கிறது. வாடிக்கையாளர் மேல் பழி இல்லை என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

இப்போது விளக்கம் மூன்று வாக்கியத்தில் முடிய வேண்டும். “நீங்க அணைச்சது சரிதான் சார். ஆனா இந்த லேப்டாப் குட்டித் தூக்கம் போட்டு அதே அழுக்குச் சட்டையோட எழுந்திருக்கு. Restart கொடுத்தாத்தான் குளிச்சிட்டு வரும்.” தேர்வாளர் சிரித்தால் நல்ல சகுனம். சிரிக்காவிட்டாலும் அடுத்து கேட்க வேண்டியது ஒன்று உண்டு: “சேமிக்காத ஃபைல் ஏதாவது திறந்திருக்கா?” இதை மறந்தவர் வைஃபையைச் சரிசெய்து, மீட்டிங்குக்குத் தயாரித்த எக்செல்லைத் தொலைத்துக் கொடுத்த பெருமையைப் பெறுவார்.

கணினி மறுபடி ஏறும் அந்த ஓரிரு நிமிடம் போனில் நிலவும் மௌனம் பயங்கரமானது. “நான் லைன்லயே இருக்கேன் சார்” என்பது போதும். வானிலை விசாரிக்க வேண்டாம். வந்ததும் Up time பூஜ்ஜியத்தில் தொடங்கியிருக்கிறதா, வைஃபை பட்டியல் தெரிகிறதா என்று இரண்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும். முதலாவது சரியாக இருந்து இரண்டாவது வரவில்லை என்றால், இந்த வைத்தியத்தின் எல்லை அதுதான். டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொரு முறை Restart சொல்வது வாடிக்கையாளரின் பொறுமையைச் சோதிக்க மட்டுமே பயன்படும்.

சரியாகிவிட்டால், “அப்ப Shut down பட்டன் எதுக்குய்யா வச்சிருக்கான்?” என்று தேர்வாளர் கடைசியாக ஒரு கேள்வி போடுவார். Shift விசையை அமுக்கியபடி Shut down கொடுத்தால் முழுதாக அணையும் என்பது நேரான பதில். அடிக்கடி இதே தொல்லை என்றால் பவர் ஆப்ஷன்ஸில் Turn on fast startup என்ற டிக்கை எடுத்துவிடலாம். கணினி திறக்கச் சற்றுக் கூடுதல் நேரமாகும், அவ்வளவுதான். சிலர் கெத்தாக `powercfg /h off` என்பார்கள். அது ஹைபர்னேட் வசதியையே மொத்தமாக எடுத்துவிடும் என்பதால் தேர்வாளர் புருவத்தை உயர்த்துவார்.

கடைசியில் டிக்கெட்டில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்பார்கள். ‘வாடிக்கையாளர் ரீஸ்டார்ட் செய்யவில்லை’ என்று எழுதினால் அதை அவரும் படிக்க வாய்ப்புண்டு. ‘வைஃபை தெரியவில்லை, Up time 11 நாள், Restart-க்குப் பின் சரியானது, fast startup பற்றி விளக்கப்பட்டது’ என்றால் அடுத்த முறை போனை எடுக்கும் பொறியாளர் இதே கேள்விகளை முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்காது.