முக்கோணமும் நட்சத்திரமும்

கேள்வி: எங்கள் ஊர் வயலோர டிரான்ஸ்ஃபார்மரின் தகட்டில் 11000/433 என்று போட்டு, ஒரு முக்கோணமும் மூன்று கால் நட்சத்திரமும் வரைந்திருக்கிறார்கள். வகுத்துப் பார்த்தேன், 25 சொச்சம் வந்தது. அதுதானே சுற்று விகிதம்?
- ஒரு வாசகர், சாலவாக்கம்

பதில்: வகுத்தல் சரி, விடைதான் தப்பு!

முக்கோணம் முதன்மைச் சுருள்களைக் காட்டுகிறது. அதன் ஒவ்வொரு பக்கமும் ஒரு சுருள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே உட்கார்ந்து, 11000 வோல்ட்டையும் பங்காளி இல்லாமல் வாங்கிக்கொள்கிறது. நட்சத்திரத்தின் மூன்று கால்கள் துணைச் சுருள்கள். அவை நடுவில் கூடும் புள்ளிதான் நியூட்ரல்.

433 என்பது இரண்டு கால் நுனிகளுக்கு இடையே உள்ள வோல்ட். உங்கள் பம்புசெட்டுக்குப் போவது அது. ஒரு காலின் பங்கு, 433-ஐ 1.732-ஆல் வகுத்தால் வரும் 250. வீட்டு பல்புக்கு அது. (இரண்டுமே சுமை இல்லாத நேரத்துக் கணக்கு, எல்லா மோட்டாரும் ஓடினால் குறையும்.)

சுற்று விகிதத்துக்குச் சுருளோடு சுருளைத்தான் ஒப்பிட வேண்டும். 11000-ஐ 250-ஆல் வகுத்தால் 44. துணைச் சுருளில் ஒரு சுற்றுக்கு முதன்மையில் 44 சுற்று.

பாடப்புத்தகப் படத்தில் வளைவுகளை எண்ணிச் சரிபார்க்கக் கிளம்பிவிடாதீர்கள். வரைந்தவர் கை வலித்த இடத்தில் நிறுத்தியிருப்பார்.