கேட்ட வில்லங்கம் இல்லை

நண்பர் ஒருவர் 2019-இல் ஒரு கிரவுண்டு மனை வாங்கினார். 2,400 சதுர அடி, 40 லட்சம் ரூபாய். அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து விற்றார்கள். தரகர் கையில் ஒரு தாள் இருந்தது. 1990 முதல் 2019 வரை போட்டுப் பார்த்த வில்லங்கச் சான்றிதழ், படிவம் 16. இந்தக் காலத்தில் இந்தச் சொத்தின்மேல் எந்தப் பதிவும் இல்லை என்று அதில் அரசு முத்திரையோடு அச்சாகியிருந்தது. “ஈசி நில்லு சார், பளிங்கு மாதிரி சொத்து” என்றார் தரகர். நில் என்ற சொல்லைக் கேட்டு அங்கேயே நின்றிருக்க வேண்டியவர், முன்பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

2023-இல் நீதிமன்ற சம்மன் வந்தது. விற்ற இருவருக்கும் ஒரு அக்கா இருந்தார்.

அந்த மனையை 1984-இல் வாங்கியவர் அவர்களுடைய அப்பா, சொந்தச் சம்பாத்தியத்தில். அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா 1998-இல் உயில் எழுதாமல் இறந்தார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. இதில் சிக்கல் ஒன்றும் கிடையாது. 1956-லிருந்து இருக்கிற சட்டம்தான். ஆகவே அக்காவின் பங்கு 800 சதுர அடி. தம்பிகள் தங்களுடைய 1,600 சதுர அடியை விற்றார்கள். மீதி 800-ஐ அக்காவுக்குத் தெரியாமல் தானமாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். தாராள மனசு.

நண்பர் தலையில் அடித்துக்கொண்டு கேட்ட கேள்வி: “ஈசியில் ஏன் அக்கா வரவில்லை?” எப்படி வருவார்? வில்லங்கச் சான்றிதழ் என்பது சார் பதிவாளர் அலுவலகத்து அட்டவணையில் தேடி எடுத்த பட்டியல். கேட்ட சர்வே எண்ணில், கேட்ட தேதிகளுக்குள், பதிவான ஆவணங்கள் எவை என்று மட்டும் சொல்லும். அப்பா இறந்தது பதிவு அலுவலகத்தில் நடந்த சம்பவம் அல்ல. மகள் பிறந்ததும் அல்ல. சொத்து வாரிசுகளுக்கு இறங்குவதற்குப் பத்திரமும் தேவையில்லை, முத்திரைத்தாளும் தேவையில்லை. மூச்சு நின்ற கணத்தில் இறங்கிவிடும். பட்டியலில் விடுபட்ட ஆளுக்குப் பட்டியலில் இடமில்லை என்பதுதான் அந்தச் சான்றிதழின் முழு ரகசியம். 1975-லிருந்தே போட்டிருந்தாலும் அப்பாவின் 1984 கிரயம் ஒற்றை வரியாக வந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒற்றை வரி போதும். வாங்கியவர் அப்பா, விற்பவர்கள் பிள்ளைகள் என்றால், நடுவில் ஒரு சாவு இருக்கிறது. சாவு இருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேட்க வேண்டும். கேட்டிருந்தால் மூன்றாவது பெயர் கண்ணில் பட்டிருக்கும். 1990-இலிருந்து தேடச் சொன்ன தரகர், 1984-ஐ நறுக்கிவிட்டார். தெரியாமல் செய்தாரா என்று கேட்காதீர்கள். அவருடைய இரண்டு சதவீதத் தொழில் தர்மம் புண்படும்.

சரி, பத்திரம்? பத்திரம் பத்திரமாகத்தான் இருக்கிறது. அதிலே அண்ணனும் தம்பியும் “நாங்கள் இருவர் மட்டுமே வாரிசுகள்” என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். யாதொரு வில்லங்கமும் இல்லை, பின்னால் ஏதும் தெரிய வந்தால் எங்கள் சொந்தச் செலவில் தீர்த்துத் தருவோம் என்ற வழக்கமான வரியும் உண்டு. கதையை எழுதியவர்களே அதற்கு நற்சான்றும் எழுதிக்கொண்டார்கள். கிரயப் பத்திரம் நிரூபிப்பது ஒன்றைத்தான்: இன்னார் இன்னாருக்கு, இந்தத் தேதியில், இந்தத் தொகைக்கு, தமக்கிருந்த உரிமையை எழுதிக்கொடுத்தார். தமக்கு என்ன உரிமை இருந்தது என்பதை அது நிரூபிக்காது. அதற்கு முந்தைய பத்திரம், அதற்கும் முந்தைய தாய்ப்பத்திரம் என்று பின்னோக்கி நடந்து, ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொடுத்தவரும் முன்பு வாங்கியவரும் ஒரே ஆள்தானா என்று பார்க்க வேண்டும். எங்கே ஆள் மாறுகிறதோ அங்கேதான் குழி.

பதிவாளர் பார்க்க மாட்டாரா என்பீர்கள். நண்பர் வாங்கிய காலத்தில் மாட்டார்; பார்க்கவும் கூடாது. தமிழ்நாட்டில் 2022-இல் விதி 55-ஏ என்று ஒன்று கொண்டுவந்தார்கள்: முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, எழுதிக்கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலையே அல்ல என்றது தீர்ப்பு. உரிமையில்லாதவர் எழுதிக்கொடுத்தாலும், முறைப்படி கையெழுத்திட்டு, தீர்வை கட்டி, ஆள் அடையாளம் காட்டினால் பதிந்தாக வேண்டும். வாங்கியவருக்கு எதுவும் கிடைக்காது, அவ்வளவே. பிறகு அரசு சட்டத்தையே திருத்தும் வேலையில் இறங்கியது. நூறு வருஷத்துக்கு மேலாகத் திறந்து கிடந்த கதவு. தாழ்ப்பாள் போடும் நினைப்பு வந்ததே பெரிது.

என் கோபம் தீர்ப்பின்மேல் அல்ல, கல்லாப்பெட்டியின்மேல். நண்பர் வாங்கிய வருஷம் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 4. நாற்பது லட்சத்துக்கு 4,40,000 ரூபாய். (பிறகு பதிவுக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள், கூடவே வழிகாட்டி மதிப்பை ஏற்றினார்கள். இடது கை கொடுத்தது வலது கைக்குத் தெரிந்துவிட்டது.) இத்தனை வாங்கிக்கொண்ட அரசு, “இவர் வாங்கினார் என்று எழுதி வைத்துக்கொண்டேன்” என்கிறது. இவருடையதா என்று கேட்டால், அது என் வேலை இல்லை என்கிறது. வில்லங்கச் சான்றிதழின் கீழே பொடி எழுத்தில் ஒரு வாசகம்: கவனமாகத் தேடினோம், தேடியதில் பிழை இருந்தால் துறை பொறுப்பல்ல. மளிகைக் கடைக்காரர் இப்படி எழுதி அரிசி விற்றால் நுகர்வோர் மன்றத்தில் நிற்பார். உரிமைக்கு அரசே உத்தரவாதம் தரும் முறை தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858-இல் வந்துவிட்டது. நமக்கு வந்தது பொடி எழுத்து.

தேடியதும் யார் சொன்னதைத் தேடினார்கள்? நாம் சொன்னதைத்தான். மனை 112/3-ஆக இருந்தபோது எழுதிய அடமானம், 112/3பி என்று உட்பிரிவான பிறகு புது எண்ணில் மட்டும் தேடினால் நழுவிப் போகலாம். பழைய எண்ணையும் கொடுக்க வேண்டும். கிராமம் முன்பு வேறு சார் பதிவகத்தில் இருந்திருந்தால் அங்கேயும் தேட வேண்டும். இதையெல்லாம் சொல்லித் தர அந்த அலுவலகத்தில் பலகை ஒன்றும் கிடையாது. புகைபிடிக்காதீர் பலகை உண்டு.

இன்னொன்று, அசல். பத்திரத்தை அடகாகக் கையில் கொடுத்து, எதையும் எழுதிப் பதியாமல் கடன் வாங்கியிருந்தால் வில்லங்கத்தில் வராது. அசல் எங்கே என்று கேட்டால், “தொலைந்துவிட்டது, போலீஸில் சொல்லி நாளிதழில் விளம்பரம்கூடக் கொடுத்தாச்சு” என்று சான்றிட்ட நகலை நீட்டுவார்கள். தொலைந்த பத்திரங்களில் பாதி யாரோ ஒருவரின் இரும்புப் பெட்டியில் சுகமாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

நண்பருக்கு வருவோம். போன மாதம் புதிதாக ஒரு வில்லங்கம் போட்டுப் பார்த்தார். 1984 கிரயம், 2019 கிரயம், இரண்டே வரி. அக்கா தொடுத்த பாகப்பிரிவினை வழக்கு அதில் இல்லை. அதை யாரும் பதிவு அலுவலகத்தில் பதியவில்லை. தாளைத் தரகரிடம் காட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“கிளீனா இருக்கே சார். ஒரு பார்ட்டி கேட்டுக்கிட்டிருக்காரு, பேசட்டுமா?”