மூன்று ஜீன்ஸ், நான்கு சட்டை

கேள்வி: நீலம், கறுப்பு, சாம்பல் என மூன்று ஜீன்ஸ் இருக்கின்றன. தினமும் கல்லூரிக்கு எந்த நிறச் சட்டை போடலாம்? - ஒரு மாணவர், மல்லேஸ்வரம்.

பதில்: எட்டாவது கிராஸ் கடைகளில் வெள்ளை, வெளிர்நீலம், மெரூன், பாட்டில் பச்சை என நான்கு சட்டை வாங்குங்கள். கறுப்பு ஜீன்ஸுக்கு நான்குமே பொருந்தும். சாம்பலுக்கு மெரூன்தான் அழகு. சாம்பல்மேல் சாம்பல் போட்டால், ஜோடி தேடித் தோற்றது ஊருக்கே தெரிந்துவிடும். நீலத்துக்கு வெள்ளை அருமை, ஆனால் ஜீன்ஸ் புதிது என்றால் பொறுங்கள். இண்டிகோ சாயம் நூலின் மேற்பரப்பில்தான் நிற்கும். உரசினால் சட்டையின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஈரமான வெள்ளைத் துணியால் ஜீன்ஸைத் தேய்த்துப் பாருங்கள். நீலம் படிந்தால், படிவது நிற்கும்வரை மெரூன் போடுங்கள். கறுப்பை மட்டும் உட்புறம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் காயப்போடுங்கள். இல்லையென்றால் சீக்கிரமே உங்களிடம் இரண்டு சாம்பல் ஜீன்ஸ் இருக்கும்!