காஜாவுக்குப் போயிருக்கு

‘தீபாவளி ஆர்டர் எடுப்பதில்லை’ என்று அட்டை எழுதித் தொங்கவிட்டு, அந்த அட்டைக்குக் கீழேயே உட்கார்ந்து ஆர்டர் எடுப்பவர்தான் தையல் மாஸ்டர். ஊருக்கு ஊர் இருப்பார். கழுத்தில் டேப், காதில் சாக்பீஸ். “தைச்சாச்சா மாஸ்டர்?” என்று யார் கேட்டாலும், “முடிஞ்சுதுக்கா, காஜாவுக்குப் போயிருக்கு” என்பார். ஜாக்கெட்டுக்கு ஹூக்தான், காஜாவே கிடையாது என்பது அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் குரலில் ஒரு நம்பிக்கை தொனிக்கும். அக்கா வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

அவருக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. “துணியைத் திருப்பிக் கொடுங்க, வேற இடத்துல குடுத்துக்கறேன்” என்று யாராவது குரலை உயர்த்தினால், மாஸ்டர் பதறாமல் அந்தத் துணியைத் தேடி எடுத்து ஓரத்தில் கத்தரி வைப்பார். “இதோ வெட்டிட்டேன்.” ஒருவர் வெட்டிய துணியை இன்னொரு டெய்லர் தொடமாட்டார். கத்தரி பட்ட நொடியிலிருந்து அக்கா எங்கும் போக முடியாது.

இப்படிப்பட்ட எங்கள் தெரு மாஸ்டர், தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது என்னிடம் வந்து, “சார், கஸ்டமருக்கு ஒரு மன்னிப்பு லெட்டர் எழுதணும். நீங்க பத்திரிகைக்கெல்லாம் எழுதறீங்களே” என்றார். அவரே எழுதிய ஒரு வரைவும் கையில் இருந்தது. அதில் மழை இருந்தது, கரண்ட் கட் இருந்தது, ஊருக்குப் போன காஜா பையன் இருந்தான். மாஸ்டர் மட்டும் இல்லை. கடைசி வரியில் ‘தங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று, யாரும் தராத ஒன்றுக்கு ரசீது போட்டிருந்தார்.

மழை பொய்யில்லை. லைனிங் துணியை நனைத்துக் காயவைத்த பிறகுதான் தைக்க வேண்டும்; இல்லாவிட்டால் முதல் சலவையில் உள்ளே இருப்பது சுருங்கி, மேலே இருக்கும் பட்டு உப்பிக்கொண்டு நிற்கும். ஐப்பசி அடைமழையில் லைனிங் லேசில் காயாது. ஆனால் ஐப்பசியில் மழை வரும் என்பது மாஸ்டருக்கு இந்த வருஷம்தான் தெரியுமா?

கணக்குப் போட்டோம். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குக் குங்குமம் வைத்து மறுநாள் மிதிக்க ஆரம்பித்தால் தீபாவளிக்குச் சுமார் 20 நாள். இவரும் கூட ஒருவரும் சேர்ந்து நாளைக்கு 8 லைனிங் ஜாக்கெட். ஆக 160. பில் புத்தகத்தில் துணித்துண்டு குத்திய ரசீதுகள் 200. மழையே பெய்யாவிட்டாலும் 40 பேருக்குக் கிடைத்திருக்காது. மாஸ்டர் கணக்கைப் பார்த்தார். “காஜா பையன் இருந்திருந்தா…” என்று ஆரம்பித்து, அவரே நிறுத்திக்கொண்டார்.

அலமாரியில் மீதி 72. வெட்டியவை 32, கத்தரி படாதவை 40. நான்கு நாளில் 32 முடியும். அப்படியானால் கடிதம் இப்படித்தான் இருக்க முடியும் என்றேன்:

“அன்புடையீர், என்னால் தைக்க முடிந்ததைவிட அதிகமாக ஆர்டர் வாங்கிவிட்டேன். தவறு என்னுடையது. உங்கள் துணி வெட்டியாகிவிட்டதென்றால், தீபாவளிக்கு முந்தின நாள் மாலை 6 மணிக்குள் தருவேன். சொன்ன தேதி தவறியதால் பாதிக் கூலி போதும். அதற்குள் தராவிட்டால் கூலியே வேண்டாம். துணி வெட்டப்படவில்லை என்றால், இன்றே வந்து துணி, அளவு ஜாக்கெட், முன்பணம் முழுவதையும் வாங்கிக்கொள்ளலாம். பண்டிகை கழித்துத் தைத்தால் போதும் என்பவர்களுக்குப் பாதிக் கூலி. எது என்று நீங்களே சொல்லுங்கள். உங்கள் துணி எந்த நிலையில் இருக்கிறது என்பதை ரசீது எண்ணுக்கு நேரே எழுதி ஒட்டியிருக்கிறேன்.”

மாஸ்டர் முகம் வாடிவிட்டது. “முன்பணத்தைத் திருப்பித் தரணுமா? தீபாவளி முடிஞ்சதும் எல்லாருக்கும் ஒரு ஃபால்ஸ் இலவசமா தைச்சுக் குடுத்துடலாமே சார்!”

இங்கேதான் பண்டிகை ஆர்டர் மற்ற ஆர்டர் மாதிரி இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு விடியற்காலையில் போட வேண்டிய ஜாக்கெட்டுக்கு மறுநாள் என்ன மதிப்பு? நான்கு நாள் முன்னால் முன்பணம் கைக்கு வந்தால், அந்த அக்கா கடைவீதியில் ஒரு ரெடிமேட் ஜாக்கெட்டாவது வாங்கிக்கொள்வார். தீபாவளி கழித்துத் தரும் இலவசம் மாஸ்டரின் மனசாட்சிக்குத்தான் ஆகும்.

அரைமனதாக ஒட்டினார். திட்டு விழுந்தது, ஆனால் ஒரு தடவைதான் விழுந்தது. பலர் துணியை வாங்கிக்கொண்டு போனார்கள். சிலர் “பொங்கலுக்குள்ள குடுத்தா போதும் மாஸ்டர்” என்று விட்டுவிட்டே போனார்கள். அந்தப் பொங்கல் தேதியையும் மாஸ்டர் யோசிக்காமல் ரசீதில் எழுதிக்கொடுத்தார் என்பது வேறு கதை.

உங்கள் தெரு மாஸ்டர் இப்படிக் கடிதம் ஒட்டுவார் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை போகும்போது “தைச்சாச்சா?” என்று கேட்காதீர்கள், அது காஜாவுக்குப் போய்விடும். “வெட்டியாச்சா, காட்டுங்க” என்று கேளுங்கள். கேட்கும்போது கத்தரியை மட்டும் அவர் கைக்கு எட்டாத இடத்தில் நகர்த்தி வைத்துவிடுங்கள்.